ஏழில் இரண்டு பங்கு முட்டை

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்றால் ஆரணியில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஜெபராணி வாங்கினாள். மிஷன் பள்ளி வாத்தியார் மகள், மனையியல் படித்தவள். கணவர் தாவீதுக்குக் களம்பூர் ரைஸ்மில்லில் வேலை. நெல் வரும் மாதங்களில்தான் அந்த வேலையும் இருக்கும். மற்ற மாதங்களில் அடுப்பு எரிந்தது இவள் சம்பளத்தில். அதுவோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் உண்டு.

நான் மாணிக்கவேல். அதே உணவு ஆய்வுக் குழுவில், வருகிற படிவங்களைக் கூட்டிப் பட்டியல் போடும் கிளார்க். எனக்கு முன்கோபம் அதிகம் என்று சொல்வார்கள். அந்தக் கோபத்தில் பாதி, குழுவில் ஜெபராணியோடு களப்பணி பார்த்த தசரதனால் வந்தது.

1984 வைகாசியில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. பட்டு நெய்கிற ஒரு தெருவில் ஆளுக்குப் பன்னிரண்டு பெண்களைப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். முதல் படிவத்தில் அறுபது பண்டங்களின் பட்டியல். ஒவ்வொன்றையும் தினமா, வாரத்துக்கு எத்தனை முறை, மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு டிக் அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாவது படிவம். நேற்று எழுந்ததிலிருந்து இன்று எழுந்தது வரை வாயில் போனதையெல்லாம், அளவோடு சொல்ல வைக்க வேண்டும். அளவு காட்ட ஒரு பை நிறைய எவர்சில்வர் கப்பும் கரண்டியும். அடுத்து வரப்போகிற பெரிய ஆய்வுக்கு எது உதவும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

இரண்டிலும் ஓட்டை இருந்தது. பட்டியல் படிவத்தில் கீரை என்றதும் எல்லாருமே தினம் என்றார்கள். கீரை நல்லது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாராம். மாம்பழமும் தினம்தான். வருஷம் முழுவதற்கும் கேட்கிறோம் என்றாலும், கண்ணெதிரே மாம்பழக்கூடை இருக்கும்போது யாருக்குத் தை மாதம் நினைவு வரும்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முட்டை என்ற பேச்சே கிடையாது. பட்டியல் எங்கோ தயாரானது. அதில் ஆப்பிள் இருந்தது, கேழ்வரகுக் கூழ் இல்லை.

நேற்றைய கணக்கில் வேறு தொல்லை. சோறு நினைவிருக்கும், நடுவில் குடித்த டீயும் தின்ற முறுக்கும் மறந்துவிடும். அங்கேதான் ஜெபராணியின் திறமை. மூன்று வேளையும் சொல்லி முடித்தவர்களிடம், "தறியில இருந்து எழுந்தப்ப எதுனா வாயில போட்டுகினீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். ஒரு டீயும் பன்னும் வெளியே வரும். பிறகு பக்கத்து வீட்டில் கொடுத்த சுண்டலும் வரும்.

ஆனால் தறியில் உட்கார்ந்த பெண்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்க நேரமேது? அவர்களே ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லி, அன்றைக்குத் தறி ஓடாது, வா என்றார்கள். ஜெபராணி வீட்டுக் காலண்டரில் வேத வசனம் உண்டு, திதி கிடையாது. தறியில் ஏற்றப் பாவு நூல் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனாள். ஒரே நாளில் பன்னிரண்டு வீட்டையும் முடித்தாள்.

படிவங்களைக் கூட்ட உட்கார்ந்த எனக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டு பேரும் வடை, பாயசம், பூசணிக்காய் சாம்பார், அப்பளம் சாப்பிட்டிருந்தார்கள். அதே பெண்கள் போன வாரம் பாயசம் மாதத்துக்கு ஒன்று என்றிருந்தார்கள். தசரதனின் படிவக் கட்டிலோ இரண்டு படிவங்களும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அவனும் அதே தெரு, அதே வெள்ளிக்கிழமைதான். நான் கூட்டினேனே தவிர யோசிக்கவில்லை. அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வேலூரிலிருந்து எங்கள் தலைவர் டாக்டர் சத்தியராஜ் வந்தார். ஜெபராணியின் நீட்டிப்பு உத்தரவு அவர் முன்னால் மேசைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. ஜெபராணி வீட்டிலேயே உட்கார்ந்து ஏதோ கல்யாணப் பந்தியை நினைத்து எழுதிவிட்டாள் என்றார். தசரதனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். தசரதன் தலை குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

ஜெபராணி அவன் கட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டினாள்.

"சார், இந்தம்மா வாரத்துக்கு ரெண்டு முட்டைன்னு சொல்லிகிறாங்க. நேத்து பதினாலு கிராம் முட்டை தின்னதா இருக்குது. ஒரு முட்டை அம்பது கிராம்னு வச்சா, ஏழுல ரெண்டு பங்கு. பக்கத்து வூட்டம்மா வாரத்துக்கு ஒண்ணு, அவங்க ஏழு கிராம். நேத்துன்னா ஒண்ணு முழுசா தின்னுருப்பாங்க, இல்லனா தின்னுருக்கவே மாட்டாங்க. முட்டைய ஏழா அறுத்து யாருங்க சார் திம்பாங்க?"

டாக்டர் கட்டை வாங்கிப் பார்த்தார். கருவாடு துளி, கறி துளி, மீன் துளி என்று எல்லாம் ஒரே நாளில், எல்லாம் துளித்துளியாக. தசரதன் முதல் படிவத்தை மட்டும் தெருவில் எழுதியிருக்கிறான். இரண்டாவதைக் கண்ணமங்கலத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து, வாரக் கணக்கை ஏழால் வகுத்துத் தயாரித்திருக்கிறான். கணக்கில் ஒரு பிழை கிடையாது. அந்தச் சிரத்தையைத் தெருவில் காட்டியிருந்தால் இரண்டு நாளில் வேலையே முடிந்திருக்கும்.

ஒரே ஆளிடம் கேட்டாலும் ஒரு நாள் சாப்பாடும் வழக்கமான சாப்பாடும் அப்படி அச்சாக ஒத்துப்போகாது என்பதைத் தானே மறந்துவிட்டதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். பேனாவை எடுத்து நீட்டிப்பு உத்தரவைப் பக்கத்தில் இழுத்தார். அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம் ஜெபராணி.

"சார், நான் எழுதினது நெசம். ஆனா நாள் தப்பு. முந்தின நாள் அமாவாசை. மறுநாள் பாட்டிமை, அதான் பிரதமை, அதுக்கும் அந்தத் தெருவுல தறி ஓட்டமாட்டாங்க, அதான் அன்னிக்கு வரச் சொன்னாங்க. நாலாவது வூட்லயும் பாயசம்னு சொன்னப்பவே கேட்டுத் தெரிஞ்சிகினேன். இன்னொரு நாள் போனா பேச நேரம் தரமாட்டாங்கன்னு எழுதிட்டேன்."

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். மிதிபட்டது டாக்டரின் கால் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் பேனாவை மூடினார். ஒருநாள் கணக்கை வைத்து ஒரு தெருவின் சராசரியைச் சொல்லலாம், ஆனால் நாட்கள் வாரம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், பன்னிரண்டு பேரும் விரதச் சாப்பாடு சாப்பிட்ட நாளாக இருக்கக்கூடாது என்றார். தசரதனை அன்றே அனுப்பிவிட்டார். இருபத்து நாலு வீட்டிலும், ஒவ்வொருவரிடமும் மூன்று வெவ்வேறு சாதாரண நாட்களில் கேட்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஜெபராணியிடம் சொன்னார். கப்புப் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போக என்னை நியமித்தார். அது தண்டனை என்று எனக்குப் புரிந்தது.

முதல் வீடு கெங்கம்மாளுடையது. அமாவாசைக் கணக்கில் மூன்று வடையும் இரண்டு கப் பாயசமும் சொன்னவர். தறியை நிறுத்தாமலே பேசினார். காலையில் கூழ். மத்தியானம் புருஷனும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின சோறு, ரசம். ஜெபராணி கப்பை நீட்டினாள். அவர் சின்னதைத் தொட்டார்.

"ராத்திரிக்கு?"

"பசியில்ல, படுத்துட்டேன்."

"நடுவுல எதுனா வாயில போட்டுகினீங்களா?"

இல்லை என்றார். ஜெபராணி அதே கேள்வியை வேறு மாதிரி இன்னொரு முறை கேட்டாள். டீ வரவில்லை, பன் வரவில்லை. தறி நின்றது.

"அன்னிக்கு எழுதிகினு போனியேம்மா, அதையே வச்சிக்கக்கூடாதா? காயிதத்துலயாவது நான் நல்லா சாப்ட்டவளா இருந்துட்டுப் போறேன்."

ஜெபராணி கப்பைத் துடைத்துப் பையில் வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினாள்.