எனாமல் பேசின்

என் கணவர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஓடிய மாரத்தானில் ஏழாவதாக வந்தார். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரெயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம் அது. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் வேலை போதாதென்று இந்த மனிதருக்கு ஓட்டப் பைத்தியம் வேறு. பேச்சோ, நாள் முழுவதும் சேர்த்தால் ஒரு கைப்பிடி தேறாது.

மறுநாள் வாசல் படியில் இறங்க முடியாமல் முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். பக்கத்து வீடுகள் எல்லாம் சிரித்தன. சிரித்தவர்களில் இருவர் சும்மா இருக்கவில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து தொடையையும் ஆடுசதையையும் ஆளுக்கொரு பக்கமாக அழுத்தி உருவினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலி பிழிந்து வெளியே வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கொல்லைக் கக்கூஸ் வரைக்கும் நடக்க முடியாததால் அன்று மாலை எனாமல் பேசினை எடுத்துக் கொடுத்தேன். திரும்ப வாங்கிப் பார்த்தேன். மூத்திரம் பால் விடாத காப்பி மாதிரி இருந்தது. ஜெஞ்சாரோம் தோட்டத்தில் என் அப்பாவுக்கும் இப்படித்தான் கறுப்பாகப் போனது. கறுப்புநீர்க் காய்ச்சல். மூன்றே நாளில் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேசினை வைத்த இடத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

தெருக்கோடியில் குடியிருந்த டிரெஸ்ஸரை ஓடிப்போய் அழைத்து வந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். நெற்றியைத் தொட்டார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பேசினை வெளிச்சத்தில் சாய்த்தார்.

"காய்ச்சல் இல்ல, கண்ணும் மஞ்சளா இல்ல. ரொம்ப தூரம் நடந்த சோல்ஜருக்கு இப்படிப் போவும்னு பெரிய டாக்டர் சொல்லக் கேட்டிருக்கேன். ஆனா நிச்சயமா சொல்ல மாட்டேன்மா. தண்ணி நெறையக் குடிக்கட்டும். யாரும் காலை உருவக் கூடாது. காலையிலயும் இப்படியே இருந்தா, இல்ல ஒண்ணுக்கே சரியாப் போவலன்னா, ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருங்க."

அந்த 'நிச்சயமா சொல்ல மாட்டேன்' என்னைத் தூங்கவிடவில்லை. விடியும்வரை குவளை குவளையாகத் தண்ணீர் கொடுத்தேன். காலையில் நிறம் வெளுத்துத் தேநீராக இருந்தது. சாயங்காலம் அதுவும் தெளிந்தது.

டிரெஸ்ஸர் மறுபடி வந்து சொன்னதை நான் மந்திரம் போலப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு வாரம் ஓடவே வேணாம். மொத வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும். அடுத்த வாரம் சும்மா நடக்கட்டும். அப்புறமா லேசா ஓடலாம்."

அந்த வாரம் முடிவதற்குள் இவர் படியில் நேராக இறங்கினார். "வலி போச்சு லா. சரியாயிருச்சு," என்று ஓடும்போது காலில் மாட்டுகிற சப்பாத்தைத் தேடினார்.

"வலி போனது வேற, சரியானது வேறங்க," என்றேன். டிரெஸ்ஸர் சொன்னதைத்தான் சொன்னேன். சப்பாத்தை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருந்தேன். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்த பிறகு ரெயில்வே திடலுக்குக் கூடவே போனேன். கிளம்பும்போது டிரெஸ்ஸர் வழியில் நிறுத்தி, "வாய் விட்டுப் பேசிக்கிட்டே ஓட முடியணும் தம்பி. அதுதான் லேசு," என்றார். இவர் தலையாட்டினார். திடலைச் சுற்றி வரும்போதெல்லாம் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"என்னங்க, ராத்திரி என்ன சமைக்க?"

"ரசம் வையி."

அடுத்த சுற்றில் ரெயில்வே பட்டறை ஆள் ஒருவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டு அவரை முந்தப் பார்த்தார்.

"என்னங்க, கூட என்ன வைக்க?"

பதில் இல்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்ச தூரம் ஓடினால் போதும், அதுதான் லேசு என்று நினைத்திருக்கிறார் மனிதர். காலோ மாரத்தான் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பேசின்தான் கண்ணில் தெரிந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திடல் முழுக்க வேடிக்கை பார்க்க, குறுக்கே ஓடி அவர் முன்னால் போய் நின்றேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

அவர் நின்றுவிட்டார். "பேச முடியலியா? அப்ப நீ வேகமா ஓடுற. மெதுவா ஓடணும்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகு அவரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரரை முன்னால் போகவிட்டு என்னோடு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை கால் நன்றாக இருந்தும் அவர் கொல்லைக்குப் போகவில்லை. நான் கேட்காமலே பேசினை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் என் முன்னால் வைத்தார்.

"பாரு," என்றார்.

இருவரும் குனிந்து பார்த்தோம். வெளிர் மஞ்சளாக இருந்தது.