மச்சத்தைத் தின்ற கோப்பு

கொரட்டூரில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கும் ஆசிக்குக்கு அன்று வந்தது சாதாரண வேலையில்லை. பாரிவாக்கம் கண்ணம்மாவின் இறந்துபோன கணவர் அசைந்து நடமாடுவது அவர்களுடைய கல்யாணக் கேசட்டில் மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததுமே டேப் அறுந்துவிட்டது.

ஆசிக் முதலில் படத்தின் கோடுகளை நீக்கினான், பிறகு புள்ளிகளை, கடைசியில் பெரிதாக்கினான். டிஸ்க்கில் இடம் போகிறதே என்று ஒவ்வொரு படியையும் வீடியோவை நசுக்கிச் சின்னதாக்கும் எம்பி4 ஆகவே சேமித்துத் தொலைத்தான். ஒவ்வொரு சேமிப்பும் கொஞ்சம் நுணுக்கத்தைத் தின்றுவிட்டுக் சதுரம் சதுரமாய்க் கறையை விட்டுப்போனது. பெரிதாக்கியதும் அந்தக் கறையே தோலாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாடை மச்சத்தைக் காணோம். மெழுகுப் பொம்மை ஒன்று தாலி கட்டியது.

மூலக் கோப்பையும் இடத்துக்காக அழித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரீசைக்கிள் பின்னைத் திறக்க விரல் வரவில்லை. 'யா அல்லா' என்று அழுத்தினான்.

இருந்தது.

எல்லாம் முதலிலிருந்து. இம்முறை இடைக்கோப்புகள் அத்தனையும், நுணுக்கத்தை அவ்வளவாய் நசுக்காத ப்ரோரெஸ் வடிவத்தில். ஒவ்வொன்றும் பூதமாய் வீங்கியது, ஆனால் மச்சத்தைத் தொடவில்லை. எம்பி4 கடைசியில் ஒரே ஒரு தடவைதான்.

கண்ணம்மா திரையில் அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அவரேதாம்பா."

ஆசிக் பென் டிரைவை நீட்டினான்.

"அது இன்னாத்துக்கு நைனா? வாட்ஸ்அப்ல தட்டிவுடு. சொந்தக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குவாங்க."

வாட்ஸ்அப்பும் வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். ஆசிக் திரையில் அந்த மச்சத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.