மாப்பிள்ளை பெயரில் பங்கில்லை

ஜெயபாரதிக்கு அலுத்துப் போயிருந்தது. திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகம் பார்த்த கையோடு மாப்பிள்ளையின் கம்பெனியைப் பார்க்க அவளிடம் வந்துவிடுகிறார்கள். இன்றைக்கு ஊத்துக்குளி அர்த்தநாரி. அவர் மகளைக் கேட்டிருக்கும் பையன் அருள்புரத்தில் பனியன் கம்பெனி முதலாளியாம்.

அரசாங்க இணையதளத்தில் கட்டணம் கட்டி, அந்தக் கம்பெனி கடைசியாகத் தாக்கல் செய்த, டைரக்டர்கள், பங்குதாரர்கள் விவரமுள்ள வருடாந்திர ரிட்டர்னைத் திறந்தாள்.

"டைரக்டர்ல பையன் பேரு இருக்குதுங்களே!" அர்த்தநாரியின் முகம் மலர்ந்தது.

"டைரக்டர்னா நிர்வாகம் பண்றவருங்க. பங்கு யாருகிட்ட இருக்குதோ அவங்கதானுங்க ஓனர்." இதை எத்தனை அப்பன்மாருக்குச் சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

பங்குதாரர் பட்டியலில் பையன் பெயரே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கோவையிலுள்ள இன்னொரு கம்பெனியிடம், மீதி அவன் அம்மாவிடம். பெருமூச்சு விட்டுக்கொண்டு கோவைக் கம்பெனியின் ரிட்டர்னுக்கும் பணம் கட்டினாள். அங்கே ஏறக்குறைய எல்லாப் பங்கும் அக்ஷரா என்ற ஒரே பெயரில் இருந்தது.

"பையனோட அக்காளுங்க" என்றார் அர்த்தநாரி. ஜெயபாரதி வழக்கமான ஆறுதலுக்கு வாயெடுத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்க அம்மிணி. எனக்கொரு பையன் இருக்கானுங்க, அவன் ஜாதகத்தைக் குடுத்துப் பாக்கட்டுங்களா?"

"அப்ப உங்க பொண்ணுக்குங்க?"

"அவளுக்கு வேற கம்பெனி பாருங்க."