ஒரே வரி, இரண்டு ரெஸ்யூமே

நொய்டாவில் நான் பதினோரு ஆண்டு வேலை பார்த்த அலுவலகத்தை ஒரு மார்ச் மாதம் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கியவர்களின் புகார்களைக் கவனிக்கும் பிரிவு அது. வர முடியாதவர்கள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அப்படிப் போனவர்களில் நான் ஒருத்தி. எனக்குக் கீழே வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பெண் இன்னொருத்தி. எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, அங்கே சொல்வதுபோல் சொசைட்டிக்கு, இரண்டு சொசைட்டி தள்ளித்தான் அவள் வீடு.

வேலை தேட லக்ஷ்மி நகரில் ஒரு கன்சல்டன்டிடம் போனேன். மெட்ரோ தூணுக்கு எதிரே, மாடியில் ஓர் அறை. ஐம்பது வயதுப் பஞ்சாபிப் பெண்மணி. என் ரெஸ்யூமேயின் மேலே இருந்த நான்கு வரிகளைப் படித்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார். பேஷனேட், ரிசல்ட்ஸ் டிரிவன், டைனமிக், டீம் பிளேயர். வரிசையாக அடித்தார். நான்கு வரியில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த "பதினோரு ஆண்டு அனுபவம்" மட்டும் மிஞ்சியது.

"தேகியே ஜி, பாருங்க, இன்னைக்கு வந்த எல்லா ரெஸ்யூமேலயும் எல்லாரும் பேஷனேட்தான்," என்றார் இந்தியில். "இதை நான் யாருக்குப் போன் பண்ணிச் சரிபார்க்கறது? என்ன செஞ்சீங்க, எவ்வளவு, எத்தனை மாசத்துல, அதுக்குச் சாட்சி யாரு. அதை எழுதுங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினோரு வருடம் உழைத்தவளை இவர் நம்பவில்லை, பொய்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார் என்றே பட்டது. ரயிலில் திரும்பும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னை எடை போடுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் தன் லேப்டாப்போடு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் இருவருடைய பழைய ரெஸ்யூமேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதல் இரண்டு வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. இருவரும் ஒரே இணையதளத்திலிருந்து எடுத்திருந்தோம்.

"அய்யோ, இது நம்ம ரெண்டு பேரையும் பத்தியே இல்லைங்க்கா!" என்று சிரித்தாள்.

கன்சல்டன்ட் சொன்னதைச் சொல்லி, என் புது வரிகளைக் காட்டினேன். பிரிவுக்குள் எங்களுக்குப் பெருமையாக இருந்த ஒரு காரியம் உண்டு. ஏழு நாளைத் தாண்டியும் தீராத புகார்கள் நூற்று நாற்பது கிடந்தன. ஐந்து மாதத்தில் அவை முப்பத்தெட்டாகக் குறைந்தன. அதுவரை புதிதாக வந்த புகாரைத்தான் முதலில் எடுப்போம், பழையது அடியில் கிடக்கும். அதைத் திருப்பிப் போட்டு, மிகப் பழையதை முதலில் எடுத்தோம். "நூற்று நாற்பதிலிருந்து முப்பத்தெட்டாகக் குறைத்தேன்" என்று எழுதியிருந்தேன். வாரந்தோறும் மேலாளருக்குப் போன அறிக்கையில் அந்த எண் இருந்தது.

"நல்லா இருக்குங்க்கா. மாடலுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டு என் திரையைப் படம் எடுத்தாள்.

பத்து நாள் கழித்துக் கன்சல்டன்ட் போன் செய்தார். குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை.

"ஜி, ஒண்ணு கேக்கணும். அதே நூத்தி நாப்பது, அதே முப்பத்தெட்டு, இன்னொரு ரெஸ்யூமேலயும் இருக்கு. அவங்களும் உங்க ஆபீஸ்தான். ரெண்டு பேர்ல யார் குறைச்சது?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவர் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் கன்சல்டன்டிடம் போயிருக்கிறாள், என் வரியை எடுத்துக்கொண்டு. போட்டோ நினைவுக்கு வந்தது. அவள் வாட்ஸாப்பில் "சாப்டீங்களாக்கா" என்று கேட்டால்கூட எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தேன். பதில் போடவில்லை. பால் வாங்கப் போகும்போது அவள் சொசைட்டி வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

அவள் திருடினாள் என்று யாரிடமாவது சொல்வதற்கு முன் ஆதாரம் வேண்டுமே என்று, மேலாளர் அனுப்பியிருந்த பாராட்டுக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தேன். அதில் இரண்டு பெயர் இருந்தது. பட்டியலை மாற்றியமைத்ததற்கு எனக்கு நன்றி. ஒவ்வொரு புகாருக்கும் தாமதத்தின் காரணத்தைக் குறித்து, பன்னிரண்டு சர்வீஸ் சென்டர்களைத் தினமும் தொடர்ந்ததற்கு அவளுக்கு நன்றி. இதை எப்படி மறந்தேன்? "குறைத்தேன்" என்று எழுதும்போது என் கை தயங்கவே இல்லை.

அன்று மாலை அவளைப் பூங்காவுக்கு வரச் சொன்னேன். வந்ததும் உட்காரவில்லை.

"கன்சல்டன்ட் எனக்கும் போன் பண்ணாங்க," என்றாள். "நீங்க என் வேலையையும் உங்க கணக்குல எழுதிட்டீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேனுங்க. போன் பண்ணிக் கேக்கலாம்னு எடுப்பேன், வெச்சிருவேன்."

"என்கிட்ட சொல்லாம அவங்ககிட்ட எதுக்குப் போனே?"

"சொன்னா போட்டிக்கு வர்றேன்னு நெனப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் அப்படியேதான் நெனச்சேன்," என்றேன். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அங்கிருந்தே பழைய மேலாளருக்கு ஸ்பீக்கரில் போன் செய்தோம். எங்களைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டதும் தாராளமாகச் சரி என்றார். புகார் எண்ணிக்கையைச் சொன்னதும் எங்களை நிறுத்தினார்.

"நூத்தி நாப்பதா? அது தீபாவளிக்கு அடுத்த வாரம். அந்த வாரம் எல்லா வருஷமும் ஏறும். அதுக்கு முன்னாடி சாதாரண வாரத்துல தொண்ணூத்தஞ்சு பக்கம் இருந்துச்சு. என்னை யாராவது கேட்டா நான் அதைத்தான் சொல்லுவேன்."

வேண்டுமென்றே பெரிய எண்ணை எடுத்தேனா என்று கேட்டால், தெரியாது. பார்க்க நன்றாக இருந்தது, எடுத்தேன். இவ்வளவு நாள் அவளைச் சந்தேகப்பட்ட எனக்கு என் வரிமேல் ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பெஞ்சிலேயே மாற்றி எழுதினோம். என்னுடையது: "ஏழு நாளைத் தாண்டிய புகார்கள் ஐந்து மாதத்தில் சாதாரண வார அளவான சுமார் தொண்ணூற்றைந்திலிருந்து முப்பத்தெட்டாகக் குறைந்தன. இருவர் செய்த வேலை. பழைய புகாரை முதலில் எடுக்கும் தினப் பட்டியலை அமைத்தது நான்." அவளுடையதில் அதே எண், பிறகு தாமதக் காரணங்களும் பன்னிரண்டு சர்வீஸ் சென்டர்களும். இருவர் என்று எழுதினால் சின்னதாகத் தெரியாதா என்று அவள் கேட்டாள். சின்னதாகத்தான் தெரியும் என்றேன், அப்படியே எழுதினோம்.

திருத்தியதை அனுப்பியதும் கன்சல்டன்ட் திரும்பக் கூப்பிட்டார். "எண்ணை ஏன் குறைச்சீங்க?" என்று என்னிடமும் கேட்டார், அவளிடமும் தனித்தனியாகக் கேட்டார். மேலாளரிடமும் பேசினார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் இருவரையும் ஒரே நேர்காணலுக்கு அனுப்பினார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. சர்வீஸ் சென்டர்களைத் தினமும் விரட்டத் தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். நான் சந்தோஷமாகப் பேசினேன், வைத்த பிறகு கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கிழக்கு தில்லியில் ஒரு மருத்துவமனையின் புகார்ப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. நேர்காணல் எடுத்தவர் 'இருவர் செய்த வேலை' என்ற அந்த ஒரே வரியில் விரலை வைத்து, "அந்த மற்றவர் யார்?" என்று கேட்டார். அவள் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போன் செய்தாரா என்று அவளிடம் நான் விசாரிக்கவில்லை.