ஆறரை மணி நோட்டும் மஞ்சள் விளக்கும்

அன்று முதலாளியின் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, கணக்குப் பார்க்கும் அக்கா, எங்கள் சர்வர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரித்த இன்ஜினியர், நான். டீ கொண்டுவந்தவர் கண்ணாடிக் கதவு வரை வந்தார். உள்ளே எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தட்டை வெளி மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்களுடையது ராயபுரத்தில் ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுப்பது வேலை. அந்தப் பத்திரங்களைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்ப ஆரம்பித்திருந்த காலம் அது. பின்கட்டில் ஏசி போட்ட ஒரு சிறிய அறை, அதில் இரண்டு சர்வர்கள். ஒன்றில் பத்திரங்களும் கணக்கும். இன்னொன்றில் மெயில். முதலாவது நின்றுபோனால் லாரிகள் துறைமுக வாசலிலேயே நிற்கும், முதலாளியின் போன் ஓயாது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். டைப்பிங் தெரியும் என்பதால் டேட்டா என்ட்ரிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து, காலையில் சீக்கிரம் வந்து சர்வர்களைப் பார்க்கும் வேலையையும் கொடுத்தார் முதலாளி. அதற்கு மாதம் ஐந்நூறு ரூபாய் தனி. அம்மாவின் சர்க்கரை மாத்திரை அந்த ஐந்நூறில்தான்.

ஐந்தரைக்கு வியாசர்பாடியில் பஸ் ஏறுவேன். ஆறரைக்கு ஷட்டரைத் திறந்து உள்ளே போய், நீள நோட்டு ஒன்றில் வரிசையாக டிக் போடுவேன். இரண்டு சர்வரும் பதில் சொல்கின்றனவா, டிஸ்க் விளக்குகள் பச்சையா, இடம் எவ்வளவு மிச்சம், ராத்திரி டேப்பில் எடுத்த பேக்கப் நகல் முடிந்ததா, மெயில் தேங்கி நிற்கிறதா, யூபிஎஸ் சரியா. கடைசியில் கையெழுத்து. எட்டு மணிக்கு முதலாளி வந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார், பிறகு அந்த நோட்டைப் பிரித்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார்.

எனக்குப் பயம் பிறவிக் குணம். பேக்கப் தேதியைப் பார்த்துவிட்டு டிக் போட்டேனா, டிக் போட்டுவிட்டுப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மறுபடி வரும். "இன்னாடி, சாமி அறை மாதிரி சுத்தி சுத்தி வர்ற?" என்று கணக்கு அக்கா கேட்பாள். இத்தனை பார்த்தும், பார்க்க வேண்டிய ஒன்றைத்தான் நான் பார்க்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸில் உள்ள எல்லாப் பொருளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொன்னார் முதலாளி. ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்ப், ஃபேக்ஸ் மெஷின் எதையும் விடக்கூடாது. சர்வர் அறை என் பொறுப்பு என்பதால் அங்கே நான் வைத்தேன். எங்கள் வீட்டில் இருப்பது புத்தர் படம். ஆயுத பூஜை வழக்கமில்லை. எங்கே எத்தனை பொட்டு வைப்பது என்று யாரையும் கேட்கவும் கூச்சம். குறைவாக வைத்து மரியாதைக் குறைவு ஆகிவிடக் கூடாதே என்று, சர்வரில் செருகியிருந்த ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். நேர் வரிசையில், அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அதைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

பத்திர சர்வரில் ஒரே தகவலை எழுதிக்கொள்ளும் இரட்டை டிஸ்க். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். போனதைச் சொல்ல முகப்பில் ஒரு சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். அந்த மாடலில் சத்தம் எதுவும் வராது. விளக்கு மட்டும்தான்.

பூஜைக்கு மூன்று வாரம் கழித்து சர்வீஸுக்கு வந்தார் இன்ஜினியர். புளியந்தோப்புக்காரர், என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். துணியால் முகப்பைத் துடைத்தவர் கை அப்படியே நின்றது.

"இன்னா தங்கச்சி, இது மஞ்சளா எரியுது?"

காய்ந்த சந்தனம் உதிர்ந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் திரையில் தேதிகளைத் தேடிப் பார்த்தார். டிஸ்க் செத்துப் பத்தொன்பது நாள். பண்டிகை, ஞாயிறு போக அந்தப் பத்தொன்பது நாளில் வந்த ஒவ்வொரு வேலை நாளுக்கும் நோட்டில் 'விளக்குகள் பச்சை' என்று என் டிக் இருந்தது. இரண்டு டிஸ்க்கில் ஒன்றில் சந்தனம் முன்பே உதிர்ந்து விளக்கு கண்ணில் பட்டது, பச்சையாக இருந்தது, மற்றதும் அப்படித்தான் என்று கை தானாக டிக் போட்டிருக்கிறது.

அவரிடம் கேட்டேன்: "இன்னொண்ணும் போயிருந்தா?"

"போயிருந்தா, ராத்திரி எடுத்த பேக்கப்புதான். ஒரு நாள் வேலை காலி. போவலல்ல? வுடு." புது டிஸ்க்கைச் செருகினார். நாலு மணி நேரத்தில் பழையதிலிருந்து எல்லாம் அதில் ஏறி முடிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்துதான் போச்சுன்னு சொல்லிக்கறேன். நீ கம்முனு இரு. இன்னொண்ணு சொல்றேன் கேளு. இதெல்லாம் கண்ணால பாக்கற வேலையே இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதபா மெஷினே கேட்டுக்கினு இருக்கும். எதுனா பேஜாருன்னா போனுக்கு மெசேஜ் வந்துடும். மொதலாளி கைல நான் பேசறேன்."

அன்று பஸ்ஸில் இரண்டு பயமும் மாறி மாறி வந்தன. மெஷின் வந்தால் ஐந்நூறு போகும். ஒருவேளை வேலையே போகும். வராவிட்டால் இன்னொரு பத்தொன்பது நாள் வரும், அப்போது ஆபீஸே போகும். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. மறுநாள் இன்ஜினியரிடம், பேசப்போவது நான்தான் என்றேன். அந்த மெஷின் ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான், எழுத்துப் பிழைகள் மட்டும் என்னுடையவை.

அப்படித்தான் நாங்கள் நான்கு பேரும் அந்த அறையில் இருந்தோம்.

நான் நோட்டை விரித்து, பத்தொன்பது நாளையும் விரலால் காட்டிச் சொன்னேன். இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் 'கெடுத்தியே' என்று இருந்தது. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"அப்ப நான் போட்ட கையெழுத்து?"

"அதுவும் தப்புதான், சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

கணக்கு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். முதலாளி நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மேலே என் பெயர், கீழே அவர் பெயர்.

"பொட்டு வைக்கச் சொன்னது ஆரு? நாந்தான? சாமிக்கு வச்ச பொட்ட நீ எப்படித் தொடைப்ப? சரி, அந்தப் பேப்பரக் கொண்டா."

படித்தார். செலவு பெரிதில்லை. மெயில் சர்வரிலேயே ஒரு சின்ன புரோகிராம், ஒரு பழைய செல்போன், அதைச் சர்வரோடு இணைக்க ஒரு கேபிள், ஒரு சிம்.

"ஒரு ஆள் பாத்துக் கையெழுத்துப் போடுதாங்கன்னா, தப்பு நடந்தா கேக்க ஒரு ஆள் இருக்கு. மெஷினக் கூப்பிட்டு நான் என்னன்னு கேக்க?"

"மெஷினு சலிச்சுக்காது சார்" என்றார் இன்ஜினியர். "வெளக்கப் பாக்காது. டிஸ்க்கையே கேக்கும், நீ நல்லா கீறியான்னு. எடம் கொறைஞ்சா, பேக்கப் ஃபைலு தேதி பழசா இருந்தா, சைஸு சின்னதா இருந்தா, எல்லாத்துக்கும் மெசேஜ் வரும்."

அங்கேயும் என் பயம் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, பாக்கற மெஷினே நின்னுட்டா? மெசேஜ் வராதில்ல? வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோமே."

முதலாளி சிரித்துவிட்டார். "கேக்காள்ல? சொல்லு."

"டெய்லி ஏழு மணிக்கு 'எல்லாம் சரி'ன்னு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி வச்சுடலாம்" என்றார் அவர் மெதுவாக. "அது வரலைன்னா, எதுவோ சரியில்லைன்னு அர்த்தம். எனக்கே தோணல சார் இது."

"பயந்தாங்கொள்ளிக்குத்தான் தோணும்" என்றாள் கணக்கு அக்கா. பிறகு தன் வேலையை மறக்காமல், "அப்ப அந்த ஐந்நூறு மிச்சம், மொதலாளி" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர்தான் பேசினார். "பேக்கப் ஓடிச்சான்னு மெஷினு சொல்லும். அத்தத் தொறந்தா உள்ள எல்லாம் கீதான்னு சொல்லாது. வாரத்துக்கு ஒருதபா டேப்புலேர்ந்து ரெண்டு மூணு ஃபைல வெளிய எடுத்துத் தொறந்து பாக்கணும். இத்தினி வருசத்துல இங்க ஒருத்தரும் பாத்ததில்ல."

முதலாளி நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அத நீ பாரு. ஐந்நூறு அப்படியே இருக்கட்டும். இனிமே விடியக்காலம் வராண்டாம், எட்டரைக்கு வந்தாப் போதும். தப்ப நீயே வந்து சொன்னேல்லா, அதுக்கு."

வெளியே வந்ததும் அக்கா தோளில் அடித்தாள். "அழுவாத கயித. டீ ஆறிப்போச்சு, போய்க் குடி."

ஒரு வாரத்தில் எல்லாம் அமைந்தது. சோதனைக்கு முதலாளியே சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். சில நிமிடத்தில் இன்ஜினியரின் போன் கூவியது. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு யாருக்கும் சொல்லாமல் அடிக்கடி பிடுங்கிப் பார்த்தார். மெஷினை நம்புவதற்கு அவருக்கு அதுதான் வழி. நாங்கள் ஓடி வருவோம், கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒன்று மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. மெசேஜ் என் போனுக்கு வர வேண்டும், என்னிடம் போன் இல்லை. முதலாளி மூவாயிரத்து அறுநூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார், மாதம் முந்நூறு சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் பெண்பிள்ளை ஒருத்தி சொந்தமாக போன் வைத்துக்கொண்டது அதுதான் முதல். காலை ஏழு மணிக்கு 'எல்லாம் சரி' என்று வரும். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டுவேன். அந்த இரண்டு சொல்லும் சர்வரைப் பற்றித்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் அம்மா கும்பிட்டுக்கொள்வாள். எனக்கும் அந்த நேரத்தில் கும்பிடத்தான் தோன்றும்.

முதலாளி நான்கு மாதம் முந்நூறு பிடித்தார். ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்திர சர்வரில் இடம் நிறைந்துகொண்டு வருவதாக மெசேஜ் வந்தது. இன்ஜினியருக்குப் போன் செய்து இருவரும் போய்ப் பழைய நகல்களை அகற்றினோம். திங்கட்கிழமை ஒரு லாரியும் நிற்கவில்லை. அந்த மாதச் சம்பளக் கவரில் முந்நூறு குறையவில்லை. போய்க் கேட்டேன். "அடுத்த மாசம் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். அடுத்த மாதமும் கேட்டேன், அதே பதில். அவர் ஆபீஸை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு ஊருக்குப் போகும் நாளில் பணத்தைக் கவரில் போட்டு நீட்டினேன். கவரைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம்" என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார்.

தள்ளுபடி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் என் கணக்குப் புத்தகத்தில் நானும் அந்தக் கடனை அடிக்கவில்லை. பாக்கி, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.