நிறைவாழ்வு என்ற ஆயத்த வரி

காலை ஏழு இருபதுக்கு அந்த இரங்கல் பதிவு எங்கள் இணையதளத்தில் ஏறியது. கருவடிக்குப்பத்துப் பையன், வயது இருபத்துமூன்று. சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில் விபத்து. பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம் எல்லாம் சரி. அதற்குக் கீழே, "நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார்."

பதிவேற்றியது என் மகள். அவளுக்கும் அதே வயது.

புதுச்சேரிச் செய்திகளுக்காக நாங்கள் இருவரும் நடத்தும் சின்ன தளம் அது. மின்தடை, குடிநீர் அறிவிப்பு, இரங்கல் என்று அடிக்கடி வருவனவற்றுக்கு டெம்ப்ளேட் வைத்திருந்தோம். இரங்கலுக்கானதில் அந்த வரி முன்பே எழுதப்பட்டிருந்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை முதியவர்களுடையவைதானே. நகலெடுத்து, விவரங்களை மாற்றினால் போதும். அன்று விவரங்கள் மாறின, வரி மாறவில்லை.

"இருபத்துமூணுதான் உங்க ஊட்டுல நெறவாழ்வா?" என்று ஒருவர் கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். உடனே வரியை நீக்கி, வருத்தம் தெரிவித்தோம். மகள் சாப்பிடவில்லை.

"இனிமே நான் எழுதலம்மா. தளத்துலேர்ந்து எம்பேர எடுத்துடு."

"டெம்ப்ளேட்டையே தூக்கிடலாமாடி?"

"தூக்குனா அடக்கம் எத்தினி மணிக்குன்னு போட மறப்போம். அது இன்னும் மோசம்."

அவள் சொன்னது சரி. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து டெம்ப்ளேட்டை இரண்டாகப் பிரித்தோம். மறக்கக் கூடாத விவரங்களுக்கு மட்டும் கட்டாயக் கட்டங்கள். காலியாக விட்டால் பதிவு வெளியாகாது. அவற்றின் கீழே ஒரு வாக்கியம்கூட ஆயத்தமாக இல்லை. வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும், எழுதுபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி: காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? யாரோடு சண்டை போடுவார்? கிடைக்கும் பதிலிலிருந்துதான் பதிவு தொடங்க வேண்டும். பதில் இல்லையென்றால் விவரங்களோடு நிறுத்திவிட வேண்டும். அழகுக்கு ஒன்றும் சேர்க்கக் கூடாது.

ஆனால் அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. மகளும் தன் பெயரைத் திரும்பப் போட விடவில்லை. ராத்திரியெல்லாம் அவள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றும் அவள் வண்டி எடுத்தால் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பையனின் அப்பா எங்கள் வீட்டுக்கே வந்தார். மகள் எழுந்து நின்றாள். மன்னிப்பு கேட்க வாய் திறந்தவளை அவர் கையமர்த்தினார்.

"அந்த வரிய எடுத்துட்டீங்க, சரி. இப்ப வெறும் பேரும் வயசுந்தான் நிக்குது. எம்புள்ள அவ்ளோதானா?"

நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார்.

"பரோட்டாவுக்கு சால்னா தொடமாட்டான், பாப்பா. சக்கரதான். அவங்கம்மா தெனம் திட்டுவா. இதெல்லாம் எழுதுவீங்களா? நீயே எழுது."