பாவாவின் பன்னிரண்டு மூட்டை

கே.ஜி.கண்டிகை ராஜமாணிக்கத்துக்குத் தன்னை மிஞ்சியவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். தலைமுடியைக்கூடத் தானே வெட்டிக்கொள்வார். நாவிதருக்கு வேலை தெரியாதாம். அந்த லட்சணம் பஸ் ஸ்டாப் பேனரில் இருந்த அவர் படத்தில் ஊருக்கே தெரிந்தது. 'ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் அன்னதானம். சொந்த வயலின் நாலு மூட்டை நெல்லில்!' நாற்று விடுவதற்கு முன்பே பேனர் அடித்துவிட்டார் மனுஷன்.

அப்புறம்தான் கணக்கு இடித்தது. ஒரு ஏக்கர் நெல்லில் இருபத்துநாலு மூட்டை. பெரிய குடும்பம், சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். இன்னொரு ஏக்கரில் வேர்க்கடலை பன்னிரண்டு மூட்டை. வீட்டு எண்ணெய்க்கும் துவையலுக்கும் அது வேண்டும். நாலு மூட்டைக்கு எங்கே போவது? பேனர் சிரித்துக்கொண்டே தொங்கியது.

"பேசாம ரெண்டு ஏக்கர்லயும் நெல்லு வைங்க. கடலைய பங்காருகிட்ட வாங்கிக்கலாம்" என்றாள் மனைவி சுஜாதா.

பங்காரு அவள் தம்பி; அக்கா புருஷனை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். மூன்று ஏக்கர் மணல் நிலம். ரெண்டு ஏக்கரில் நெல் வைத்து, ஏக்கருக்கு எட்டு மூட்டை எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மிச்ச ஒரு ஏக்கரில் கடலை பத்து மூட்டை.

"வெளைச்சல்ல என்னாண்ட தோத்தவன்கிட்ட நான் போய் நிக்கணுமா? நெல்லுலயும் நான்தான், கடலையிலயும் நான்தான்!"

"ஆங், ரெண்டுலயும் நீங்கதான். யாரு இல்லன்னாங்க? ஆனா ஒரு மூட்டை கடலை வெளையற எடத்துல நீங்க ரெண்டு மூட்டை நெல்ல விட்டுகினு இருக்கீங்க. அவன் விடறது ஒரு மூட்டைக்கும் கம்மிதான். அவன் மூணு ஏக்கர்லயும் கடலையே போடட்டும். நீங்க இருபது மூட்டை நெல்லு குடுத்துட்டு பதிமூணு மூட்டை கடல வாங்கிக்கங்க."

ராஜமாணிக்கம் வரப்பில் குச்சியால் கிறுக்கினார். நாற்பத்தெட்டில் இருபது போனால் இருபத்தெட்டு. வீட்டுக்குப் போக நாலு மூட்டை மிச்சம், கடலையிலும் ஒன்று கூடுதல். மூன்று முறை அழித்துப் போட்டும் அதே கணக்குதான்.

"இத நான் அப்பவே யோசிச்சிட்டேன்" என்றார்.

பங்காருவுக்கோ முப்பது மூட்டை கடலை விளைந்தது. பாவாவுக்குக் கொடுத்தது போகப் பதினேழு மூட்டை, கூடவே இருபது மூட்டை நெல். முன்பு கிடைத்தது பத்தும் பதினாறும்தான்.

கிருத்திகையன்று மலையடிவாரத்தில் பந்தி அமர்க்களப்பட்டது. ராஜமாணிக்கம் கடலைத் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஏக்கருக்குப் பத்து மூட்டையாம், பத்து! நானா இருந்தா பன்னெண்டு எடுத்திருப்பேன்."

சாம்பார் வாளியோடு வந்த பங்காரு நின்றான். "ஆங் பாவா, எடுத்திருப்பீங்க. அப்புறம் இந்த ஜனத்துக்கு இலையில சோறுன்னு எதப் போட்டிருப்பீங்க?"

பந்தியே சிரித்தது. ராஜமாணிக்கம் பந்தலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டு வாங்கிக்கொண்டார்.